அகாரில் முளைக்காத கிருமி: ட்ரக்கோமாவைத் தேடிய ஐம்பது ஆண்டுகள்

ட்ரக்கோமா என்பது கண் இமையின் உட்பக்கத்தில் சிறு பருக்களாகத் தொடங்கும் நோய். ஒரு தடவை வந்து போனால் பெரிய சேதம் இல்லை. திரும்பத் திரும்பத் தொற்றினால்தான் வினை. புண் ஆறும் ஒவ்வொரு முறையும் தழும்பு கூடி, கடைசியில் இமை உள்நோக்கி மடங்கிவிடும். அப்புறம் இமைமுடி கருவிழியை உரசிக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகளில் பார்வை போய்விடும்.

இந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1907இலேயே மனிதன் கண்ணால் பார்த்துவிட்டான். ஜாவாவில் லுட்விக் ஹால்பர்ஸ்டேட்டர், ஸ்டானிஸ்லாஸ் ஃபான் புரோவாசெக் என்ற இருவர், நோயாளிகளின் இமையிலிருந்து சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான்களின் கண்ணில் தடவினார்கள். பிறகு அந்தக் குரங்குகளின் இமையைச் சுரண்டி, கீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இமைத்தோல் செல்களுக்குள், உட்கருவை ஒட்டி, நீலம் பாரித்த ஒரு திட்டு. அதற்குள் எண்ணற்ற பொடிப் புள்ளிகள். இன்றைய மாணவன் அந்தப் படத்தைப் பார்த்தால் "கிளமிடியா" என்று உடனே சொல்லிவிடுவான். ஆனால் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்ட 1955 வரை ஆயிற்று. பார்த்ததற்கும் வளர்த்ததற்கும் இடையே ஏன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு? இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது.

தட்டில் வளர்ந்தது

அந்தக் காலத்து நுண்ணுயிரியலுக்கு ராபர்ட் கோக்கின் விதிகளே அடித்தளம். நோயாளியிடமிருந்து கிருமியை எடு, தூய வளர்ப்பாகத் தனியே வளர், அதை இன்னொரு உயிருக்குள் செலுத்தி அதே நோயை உண்டாக்கு, மறுபடியும் எடு. இதில் "தூய வளர்ப்பு" என்றால் நடைமுறையில் அகார் தட்டு என்றுதான் பொருள். மாட்டிறைச்சிச் சாறு, பெப்டோன், உப்பு, கெட்டியாக்க அகார். தேவைப்பட்டால் கொஞ்சம் ரத்தம். மனித நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை இதில் ஒன்றிரண்டு நாளில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், ட்ரக்கோமா கண்ணைச் சுரண்டித் தட்டில் தேய்த்தால் தட்டு ஒருபோதும் வெறுமையாக இருக்காது. கண்ணிலே எப்போதும் ஏதாவது பாக்டீரியா உண்டு. புண்பட்ட கண்ணில் இன்னும் அதிகம். அவை எல்லாம் சமர்த்தாக முளைக்கும். உண்மையான குற்றவாளி மட்டும் முளைக்காது. ஆக, ஆய்வாளர் முன்னால் இருப்பது வெற்றுத் தட்டு அல்ல, தவறான விடை எழுதிய தட்டு. வெறுமை இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இந்தக் கண்ணியில் சிக்கியவர்களில் பெரிய பெயர் ஹிதேயோ நோகுச்சி. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்தவர். அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே ட்ரக்கோமா அதிகமாக இருந்த நியூ மெக்சிகோவுக்குப் போய் மாதிரிகள் எடுத்தார். ரத்தம் சேர்த்த ஊடகங்களில் ஒரு சிறு பாக்டீரியா வளர்ந்தது. குரங்குகளின் இமைக்குள் செலுத்தியபோது பருக்கள் தோன்றின. அதற்கு பாக்டீரியம் கிரானுலோசிஸ் என்று பெயர் சூட்டி, ட்ரக்கோமாவின் காரணம் இதுதான் என்று அறிவித்தார். கோக்கின் விதிகள் மேலோட்டமாக நிறைவேறியது போலத் தெரிந்தன. ஆனால் அதே பாக்டீரியாவை மனிதக் கண்ணில் செலுத்திப் பார்த்தவர்களால் ட்ரக்கோமாவை உண்டாக்க முடியவில்லை. குரங்குகளுக்கு வேறு பல காரணங்களாலும் இமையில் பருக்கள் வரும் என்பதும் தெரிய வந்தது. நோகுச்சி 1928இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அவருடைய கிருமியும் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

நோகுச்சியை அவசரக்காரர் என்று ஒதுக்குவது எளிது. அது முழு நியாயம் இல்லை என்பது என் எண்ணம். இதே வகைத் தடுமாற்றம், செல்லுக்குள் மட்டுமே வாழும் இன்னொரு பாக்டீரியாவான ரிக்கெட்சியா பக்கத்திலும் நடந்தது. முதல் உலகப் போரின்போது, டைஃபஸ் நோயாளிகளின் சிறுநீரிலிருந்து எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் இருவரும் ஒரு புரோட்டியஸ் பாக்டீரியாவைப் பிரித்தார்கள். அது அகாரில் அமோகமாக வளர்ந்தது. டைஃபஸ் நோயாளிகளின் சீரம் அதைக் கட்டிகட்டியாகத் திரள வைத்தது. பார்த்தால் கச்சிதமான சாட்சி. ஆனால் டைஃபஸுக்குக் காரணம் புரோட்டியஸ் அல்ல, பேன் சுமந்து வரும் ரிக்கெட்சியா. இரண்டின் மேற்பரப்பிலும் ஒத்த சர்க்கரைக் கூறுகள் இருப்பதால் உடலின் எதிர்ப்புப் பொருள் இரண்டையுமே பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தற்செயல் ஒற்றுமையை வைத்து உருவான வைல்-ஃபெலிக்ஸ் சோதனை நம் ஊர் ஆய்வகங்கள் வரை வந்துவிட்டது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு, எலைசா என்ற ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களில் இன்றும் புரோட்டியஸ் ஓஎக்ஸ்-கே கரைசலை வைத்துப் பார்ப்பதுண்டு. உண்மையான கிருமியைச் சாதாரண ஆய்வகத்தில் வளர்க்க வழியில்லை. அதனால் வளரக்கூடிய வேறொன்றைப் பதிலாளாக நிறுத்துகிறோம். நம்பகத்தன்மை குறைவு என்பதில் வியப்பில்லை.

முட்டைக்கு மாறியது

தட்டை விட்டுவிட்டு உயிருள்ள செல்லுக்குள் வளர்ப்பது என்ற பாதை 1930களில் திறந்தது. முதலில் 1931இல் குட்பாஸ்ச்சரும் வுட்ரஃபும் கோழிக் கருவின் சவ்வில் வைரஸ் வளர்த்தார்கள். பிறகு 1938இல் மொன்டானாவில் ஹெரால்ட் காக்ஸ், ரிக்கெட்சியாவைக் கருமுட்டையின் மஞ்சள்கருப் பையில் செலுத்தி ஏராளமாக வளர்த்துக் காட்டினார். மஞ்சள்கருப் பையின் உள்சுவர் முழுக்கச் சத்தை உறிஞ்சும், சுறுசுறுப்பான செல்கள். செல்லுக்குள் மட்டுமே வாழும் பாக்டீரியாவுக்கு அது நல்ல இடம். டைஃபஸ் தடுப்பூசியே அப்படித்தான் பெருமளவில் சாத்தியமானது.

சரி, முட்டை இருக்கிறது. ட்ரக்கோமா ஏன் உடனே வளரவில்லை? மறுபடியும் கண்ணில் உள்ள மற்ற பாக்டீரியாதான் குறுக்கே நின்றது. சுரண்டலை நேரடியாக முட்டையில் செலுத்தினால் அந்தப் பாக்டீரியா ஓரிரு நாளில் கருவைக் கொன்றுவிடும். மெதுவாக வளரும் கிருமிக்கு நேரம் கிடைக்காது. அதனால் மாதிரியோடு கிருமிக்கொல்லி சேர்த்தாக வேண்டும். 1940களில் கையில் இருந்தவை சல்ஃபா மருந்தும் பெனிசிலினும். சல்ஃபா ட்ரக்கோமாவுக்கே மருந்து. எனவே அது ஆகாது. பெனிசிலின் ஒன்றும் செய்யாது என்று பலரும் நினைத்தார்கள். ட்ரக்கோமாக் கிருமியை அப்போது எல்லோரும் வைரஸ் என்றுதான் வகைப்படுத்தியிருந்தார்கள். வைரஸைப் பெனிசிலின் தொடாது அல்லவா.

பெய்ஜிங்கில் டாங் ஃபெய்ஃபான் இந்த வேலையை 1954 வாக்கில் மீண்டும் எடுத்தார். இவருடைய பின்னணி இந்த வழக்குக்கு முக்கியம். இளமையில் ஹார்வர்டில், டைஃபஸ் ஆய்வுக்குப் பேர்போன ஹான்ஸ் ஜின்சரிடம் பணியாற்றியவர். 1930களில் ஷாங்காயில் நோகுச்சியின் கூற்றைச் சோதித்து, ஏற்க முடியாது என்று எழுதியவர். போர்க்காலத்தில் குன்மிங்கில் சீனாவின் முதல் பெனிசிலின் தயாரிப்புக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. பெனிசிலினை இவ்வளவு அறிந்தவருக்கு அதுவே முட்டுக்கட்டையாக வந்தது ஒரு வேடிக்கை.

கண் மருத்துவர் ஜாங் சியாவ்லோவுடன் சேர்ந்து, சிகிச்சை தொடங்காத, நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் 201 பேரின் சுரண்டலைச் சாயமேற்றிப் பார்த்ததில் 48 பேரிடம்தான் அந்தத் திட்டுகள் தெரிந்தன. பழைய தழும்பு நோயாளிகளை எடுத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். தழும்பு விழுந்த கண்ணில் கிருமி அரிதாகவே இருக்கும். அடுத்து, ஜப்பானியர்கள் சொன்னபடி எலி மூளையில் கிருமியை வளர்க்கும் வழியை முயன்றார்கள். எக்கச்சக்கமான எலிகள் செலவானதுதான் மிச்சம், எதுவும் வரவில்லை. அப்புறம்தான் முட்டை.

முறை இப்படி. மேல் இமையின் உட்பக்கத்தைச் சீழ் துடைத்துவிட்டுச் செல்களோடு சுரண்ட வேண்டும். கிருமி சீழில் இல்லை, செல்லில்தான். அதைக் கிருமிக்கொல்லி கலந்த திரவத்தில் அரைத்துச் சில மணி நேரம் வைத்து, ஏழு நாள் வாக்கில் வளர்ந்த கருமுட்டையின் மஞ்சள்கருப் பையில் ஊசியால் செலுத்த வேண்டும். முட்டை ஓட்டின் துளையை மூடி 35 டிகிரியில் அடைவைக்க வேண்டும். தினமும் வெளிச்சத்தில் பிடித்துக் கரு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் செத்தால் அது ஊசிக்காயமோ அழுக்குப் பாக்டீரியாவோ. தூக்கி எறிய வேண்டியதுதான். தாமதமாகச் சாகும் கருவைத்தான் கவனிக்க வேண்டும். அதன் மஞ்சள்கருப் பையை அரைத்து ஒரு துளி சாயத்துக்கு, ஒரு பகுதி அடுத்த முட்டைக்கு. முதல் முட்டையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முட்டை மாற்றி முட்டை பல தடவை கடத்தின பிறகே கிருமி பெருகிக் கண்ணுக்குப் படும்.

இதே அரைத்த கலவையில் ஒரு துளியைச் சாதாரண அகாரிலும் தேய்ப்பார்கள். நோகுச்சியின் கையில் அகாரில் முளைத்தது சாட்சியாக இருந்தது. இங்கே அது தலைகீழாகிறது. அகாரில் எதுவும் முளைக்காமல், நுண்ணோக்கியில் மட்டும் பொடித் துகள்கள் மொய்த்தால்தான் அந்த முட்டை கணக்கில் சேரும். தட்டில் ஒரே ஒரு புள்ளி முளைத்தாலும் அந்தக் கிளை முழுதும் சந்தேகத்துக்கு உரியது.

டாங்கின் குழு கிருமிக்கொல்லிகளை மாற்றி மாற்றிச் சோதித்ததில்தான் முடிச்சு அவிழ்ந்தது. பெனிசிலின் ட்ரக்கோமாக் கிருமியை அடக்குகிறது, ஸ்ட்ரெப்டோமைசின் அடக்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினை நம்பி நடத்திய முட்டைகளில் 1955இல் கிருமி கிடைத்தது. சீன மொழியில் முதலிலும், 1957இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்கள். 1958இல் டாங் தன் கண்ணிலேயே வளர்ப்புக் கிருமியை இடச் செய்து, நோய் வந்ததைக் காட்டி, அந்தக் கண்ணிலிருந்து மீண்டும் கிருமியைப் பிரித்தார். கோக்கின் வட்டம் அகார் இல்லாமலே நிறைவேறியது. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த காலியரும் சோவாவும் காம்பியாவில் எடுத்த மாதிரிகளில் இதே வழியில் கிருமியைப் பெற்று உறுதிசெய்தார்கள். டாங் அதே 1958ஆம் ஆண்டு, அரசியல் விசாரணைகளின் அவமதிப்பைத் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார்.

ஸ்ட்ரெப்டோமைசின் ஏன் விட்டுவைத்தது? அது உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்து எளிதில் உள்ளே போகாது. வெளியே திரியும் பாக்டீரியாவைக் கொல்லும்; செல்லுக்குள் ஒளிந்ததை எட்டாது. பெனிசிலினோ உள்ளேயும் சென்று, கிளமிடியா இரண்டாகப் பிரிந்து பெருகுவதைத் தடுத்துவிடுகிறது. அதன் முன்னால் கிளமிடியா சாவதில்லை. பிரியாமல் ஊதிப் பெருத்துக் கிடக்கிறது, தொற்றும் துகள் எதுவும் உருவாவதில்லை. அடுத்த முட்டைக்குக் கடத்த எதுவும் இராது. பெனிசிலினுக்குப் பணியும் ஒன்று வைரஸாக இருக்க முடியாது என்ற வாதம் 1960களில் வலுப்பட்டது. இரண்டாகப் பிரிதல், இரு வகை உட்கரு அமிலம், ரைபோசோம் என்று சான்றுகள் சேர்ந்து கிளமிடியா பாக்டீரியாவானது. ஆனால் பெனிசிலின் தாக்கும் பெப்டிடோகிளைக்கன் சுவர் அதில் உண்டா என்பது 2014இல்தான் நேரடியாகக் காட்டப்பட்டது. பிரியும் இடத்தில் மெல்லிய வளையமாக மட்டும் இருக்கிறது.

அகாரில் என்ன இல்லை

பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும்: "இவற்றால் ஏடிபி தயாரிக்க முடியாது, ஆகவே அகாரில் வளராது." இந்த வரி பாதி சரி. பாதி சரியானது மாணவரை அதிகம் குழப்பும்.

ஏடிபி செல்லுக்குள் சக்தியை எடுத்துச் செல்லும் மூலக்கூறு. சாதாரண பாக்டீரியா தன் ஏடிபியைத் தானே செய்துகொள்ளும். வெளியே கிடந்தாலும் உள்ளே இழுக்கத் தெரியாது. ரிக்கெட்சியாவுக்கும் கிளமிடியாவுக்கும் அதற்கென்றே ஒரு புரதம் சவ்வில் உண்டு. உள்ளிருக்கும் பயன்படுத்திய ஏடிபியை, அதாவது ஒரு பாஸ்பேட்டை இழந்து மிஞ்சும் எச்சத்தை, வெளியே தள்ளி, புதிய ஏடிபி ஒன்றை உள்ளே வாங்கும். ரிக்கெட்சியாவில் இந்தப் பரிமாற்றத்தை ஹெர்பர்ட் விங்க்லர் 1976இல் காட்டினார். இதன் அடிப்படையில் கிளமிடியாவைச் சக்தித் திருடன் என்று அழைப்பது வழக்கமானது. ஆனால் 1998இல் கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது, சர்க்கரையிலிருந்து ஏடிபி செய்யும் பல மரபணுக்கள் அதில் இருப்பது தெரிந்தது. திருடவும் தெரியும், கொஞ்சம் சமைக்கவும் தெரியும். ஆகவே அகாரில் ஏடிபியைக் கொட்டினால் வளர்ந்துவிடும் என்று நினைக்க முடியாது. யாரும் கொட்டிப் பார்க்காமல் இல்லை.

இரண்டாவது குறை கட்டுமானப் பொருள். கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸின் தொகுதி ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து நீளம், சுமார் 900 மரபணு, ஈ.கோலையில் இதைப்போல் நாலரை மடங்குக்கு மேல். சுருங்கியதில் போனவை அமினோ அமிலங்கள், நியூக்ளியோடைடுகள் முதலியவற்றைச் செய்யும் வழிகள். நல்ல எடுத்துக்காட்டு டிரிப்டோபன். ட்ரக்கோமா உண்டாக்கும் வகைகளால் இந்த அமினோ அமிலத்தைச் செய்யவே முடியாது. நம் உடலுக்கும் இது தெரிந்ததுபோல, தொற்றுக்கு எதிராக இன்டர்ஃபெரான் காமா சுரந்து, செல்லுக்குள்ளிருக்கும் டிரிப்டோபனைச் சிதைத்துவிடுகிறது. கிருமி பட்டினியில் பெருத்து முடங்கிக் கிடக்கும், பெனிசிலின் பட்டது போலவே.

சரி, அமினோ அமிலமும் நியூக்ளியோடைடும் அகாரில் சேர்க்கலாமே என்றால், மூன்றாவது சிக்கல் வருகிறது. என் பார்வையில் அதுவே ஆழமானது. கிளமிடியாவுக்கு இரண்டு உருவங்கள். வெளியே திரிவது 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள தொற்றும் துகள்: வெளிச்சுவரின் புரதங்கள் கந்தகப் பிணைப்பால் இறுகப் பூட்டிய, பிரியாத வடிவம். விதைநெல் போல, சூழல் வாய்க்கும்வரை அது முளைக்காது. செல்லில் ஒட்டி உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் பூட்டு தளர்ந்து, 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள பெருகும் வடிவமாக மாறும். பிரியக்கூடியது இது மட்டுமே; ஆனால் இதற்குத் தொற்றும் திறன் இல்லை, வெளியே வந்தால் தாங்காது. ஏறக்குறைய ஒரு நாளில் இவற்றில் பல மீண்டும் தொற்றும் துகளாகத் திரும்பத் தொடங்கும். 48 முதல் 72 மணி நேரத்தில் செல் உடைந்து வெளியே வரும். இந்தச் சுழற்சி முழுதும் செல்லுக்குள் ஒரு சவ்வுப் பையில் நடக்கிறது. ஹால்பர்ஸ்டேட்டர் பார்த்த நீலத் திட்டு இந்தப் பைதான். செல்லின் சவ்வில் தன் ஊசிப் புரதங்களைக் குத்தி, செல்லின் கொழுப்பைத் தன் பக்கம் திருப்பித்தான் கிருமி இந்தப் பையை வளர்க்கிறது. அகாரில் குத்துவதற்கு எதுவும் இல்லை. தட்டில் விழும் தொற்றும் துகள் உணவு இல்லாமல் சாவதற்கு முன்பே, முளைக்க ஏதுவான குறிப்பு எதுவும் வராமல் காத்துக் கிடக்கிறது.

ரிக்கெட்சியாவின் கதை கொஞ்சம் வேறு. அது பையில் தங்காது. பையை உடைத்துக்கொண்டு செல்லின் திரவத்திலேயே நீந்தி வாழும். இரண்டு உருவமும் இல்லை. செல்லுக்குள் எல்லாமே அடர்த்தியாக இருப்பதால் அதன் சவ்வும் அதற்கேற்றபடி அமைந்துவிட்டது. வெளியே எடுத்துச் சாதாரண உப்புநீரில் விட்டால் ஏடிபி, கோஎன்சைம் போன்றவை கசிந்து வெளியேற, தொற்றும் திறன் விரைவாகக் குறையும். 1950 வாக்கில் மரியானா போவர்னிக் குழுவினர் சுக்ரோஸ், பாஸ்பேட், குளூட்டமேட் கலந்த ஒரு திரவத்தில் இந்தக் கசிவு தணிவதைக் கண்டார்கள். அது ரிக்கெட்சியாவை வளர்க்காது, கொஞ்ச நேரம் உயிரோடு வைக்கும். அந்தத் திரவத்தின் வழித்தோன்றல்களிலேயே இன்றும் கிளமிடியா மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.

இப்போது மேசையில்

முட்டையில் வளர்ப்பது இன்று அரிது. 1965இல் கார்டனும் குவானும் செல் வளர்ப்புக்கு மாற்றினார்கள். மெக்காய் என்ற எலிச் செல்களை அடுக்காக வளர்த்து, மாதிரியை மேலே ஊற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் மையவிலக்கியில் சுழற்ற வேண்டும். சுழற்றாமல் விட்டால் ட்ரக்கோமா வகை செல்லில் இறங்குவது மிகக் குறைவு. புதியவர்களுக்கு "எதுவும் வரவில்லை" என்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். பிறகு மில்லிக்கு 1 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்பார்கள். மனித, எலிச் செல்லின் புரதத் தயாரிப்பை நிறுத்திக் கிருமிக்கு அமினோ அமிலத்தை மிச்சம் விடும். கிருமியின் ரைபோசோம் வேறு என்பதால் அதற்குப் பாதிப்பில்லை. 48 மணி கழித்து அயோடின் சாயம் தடவினால் பைக்குள் சேர்ந்த கிளைக்கோஜன் பழுப்பாகத் தெரியும். அழுக்குப் பாக்டீரியாவுக்கு ஜென்டமைசினும் வான்கோமைசினும் தான், பெனிசிலின் கூடாது. மாதிரி எடுக்கும் குச்சியின் மரத்தண்டும் செல்லுக்கு நஞ்சாகும்; இதில் சறுக்கிய மாதிரிகளும் "இல்லை" என்றே வாசிக்கப்படும். நோய் கண்டறிய இன்று நியூக்ளிக் அமிலப் பெருக்கச் சோதனையே எங்கும். மருந்துத் தாங்குதிறன் பார்க்கவும், கிருமி உயிரோடு இருக்கிறதா என்று அறியவும் மட்டுமே செல் வளர்ப்பு.

இனி, அகாரில் வளர முடியாது என்பது நிரந்தரத் தீர்ப்பா? கியூ காய்ச்சல் கிருமியான காக்ஸியெல்லாவைப் பல்லாண்டு இந்தப் பட்டியலிலேயே வைத்திருந்தோம். 2009இல் ஆண்டர்ஸ் ஓம்ஸ்லண்டும் ராபர்ட் ஹைன்ஸனும், அது வாழும் செல்லறையின் அமிலத்தன்மையையும் குறைந்த ஆக்சிஜனையும், ஏறக்குறைய 2.5 சதவீதம், போலச் செய்து, சரியான சத்துகளைச் சேர்த்து, செல்லே இல்லாத ஊடகத்தில் வளர்த்துவிட்டார்கள். அதன் பெயர் அன்றைக்கே பட்டியலிலிருந்து நீங்கியது. அதே குழு 2012இல் கிளமிடியாவுக்கும் ஒரு ஊடகம் உருவாக்கியது. தொற்றும் துகளுக்கு குளுக்கோஸ்-6-பாஸ்பேட், பெருகும் வடிவத்துக்கு ஏடிபி என்று தனித்தனி உணவு கொடுத்ததும் இரண்டுமே மணிக்கணக்கில் புரதம் செய்தன. பிரிய மட்டும் இல்லை. உணவுக் குறையை ஓரளவு தீர்த்த பிறகும் எஞ்சி நிற்பது, பைக்குள் இருக்கிறோம் என்று கிருமிக்குச் சொல்லும் அந்தக் குறிப்பு எது என்பதுதான்.